பத்தில் நான்கு காணோம்

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பழைய கேள்வித்தாள்களைப் புரட்டினால், குயிக் சார்ட் அடிக்கடி கண்ணில் படும். எட்டு எண்களைக் கொடுத்து, ‘இவற்றை வரிசைப்படுத்துக, ஒவ்வொரு கட்டத்தையும் காட்டுக’ என்று கேட்டிருப்பார்கள். டெனன்பாம் பாடநூலில் வரும் வரிசையையே எடுத்துக்கொள்வோம்: 25, 57, 48, 37, 12, 92, 86, 33. முதல் எண்ணான 25-ஐ பிவட்டாக, அதாவது நடுவராக வைத்துக்கொள்ள வேண்டும். அதைவிடச் சிறியவை இடப்பக்கம், பெரியவை வலப்பக்கம் போக வேண்டும். முதல் கட்டத்தின் முடிவில் வரிசை எப்படி இருக்கும்?

பல மாணவர்கள் யோசிக்காமல் எழுதுவது இது: 12, 25, 57, 48, 37, 92, 86, 33. சிறியது ஒன்றுதான், அது இடப்பக்கம் போயிற்று. மற்றவை அப்படியே நிற்கின்றன. பார்க்கச் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் பாடநூலின் வழிமுறை இப்படிச் செய்வதில்லை. அது இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறது. இடது விரல் முன்னால் நகர்ந்து, 25-ஐ விடப் பெரிய எண்ணைக் கண்டதும் நிற்கும். இங்கே 57-இல் நிற்கிறது. வலது விரல் கடைசியிலிருந்து பின்னால் வந்து, 25-ஐ விடப் பெரிதல்லாத எண்ணைக் கண்டதும் நிற்கும். அது 12-இல் நிற்கிறது. இரண்டும் இடம் மாறுகின்றன. மறுபடி நகர்ந்தால் இடது விரல் 48-க்கு வருகிறது, வலது விரல் அதைத் தாண்டி 12-க்கு வந்துவிடுகிறது. விரல்கள் ஒன்றையொன்று கடந்ததும் வலது விரல் காட்டும் எண்ணும் நடுவரும் இடம் மாற வேண்டும். கிடைப்பது: 12, 25, 48, 37, 57, 92, 86, 33.

57 எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உண்மையில் வழிமுறையை ஓட்டியவரிடம் அது 12 இருந்த பழைய இடத்துக்குப் போயிருக்கும். கண்ணாலேயே பிரித்து எழுதியவரிடம் 25-க்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். விடைத்தாள் திருத்துகிறவருக்கு அந்த ஒரு எண் போதும். கடைசி வரி இரண்டு பேருக்கும் ஒன்றாகவே வரும் என்பது உண்மை. ஆனால் கேட்டது கடைசி வரியை அல்ல, கட்டங்களை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடைசி எண்ணான 33-ஐ நடுவராக வைத்து, ஒரே திசையில் நகரும் இன்னொரு முறையைச் சில நூல்கள் சொல்கின்றன. அதில் முதல் கட்டம் 25, 12, 33, 37, 57, 92, 86, 48 என்று வரும். இதுவும் சரியான விடைதான். எனவே எந்த எண் நடுவர், எந்த முறை என்று விடையின் முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது. எழுதாதவரின் சரியான விடையும் தவறாகத் தோன்ற வாய்ப்பிருக்கிறது.

கணினியைத் தொடாமல், தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு நிரலை வரி வரியாக நாமே செய்து பார்ப்பதைத்தான் டிரை ரன் என்கிறார்கள். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி. வேலை சுலபம்தான். விடை என்ன வரும் என்று தெரிந்திருந்தும் தெரியாததுபோல இருப்பதுதான் கடினம். இதற்கு நான் பார்த்ததில் நல்ல சோதனை 2008-ஆம் ஆண்டு கேட் தேர்வின் கணினி அறிவியல் தாளில் வந்த ஒரு இரட்டைக் கேள்வி.

பைனரி சர்ச் என்பது அகராதியில் சொல் தேடுவது போல. நடுப்பக்கத்தைத் திறக்கிறோம், நம் சொல் அதற்குப் பின்னால் என்றால் முன்பாதியை விட்டுவிடுகிறோம், முன்னால் என்றால் பின்பாதியை. அந்தத் தாளில், பத்து எண்கள் உள்ள Y என்ற வரிசையில் x இருக்கிறதா என்று தேடும் நிரலைக் கொடுத்து, ‘இது பிழையானது’ என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். நிரலின் உயிர் இவ்வளவுதான்:

```
i = 0; j = 9;
do {
  k = (i + j) / 2;
  if (Y[k] < x) i = k; else j = k;
} while ((Y[k] != x) && (i < j));
```

லூப் முடிந்ததும் Y[k] என்பது x-ஆக இருந்தால் ‘இருக்கிறது’ என்றும், இல்லையென்றால் ‘இல்லை’ என்றும் அச்சிடும். எந்த உள்ளீட்டுக்கு இது தோற்கும் என்பது முதல் கேள்வி. நான்கு தெரிவுகளில் ஒன்று, பத்துமே 2-ஆக இருக்கும் வரிசையில் 2-ஐ விடப் பெரிய எண்ணைத் தேடுவது. x-ஐ 3 என்று வைத்து ஓட்டுவோம்.

```
i  j  k  Y[k]
0  9  4  2
4  9  6  2
6  9  7  2
7  9  8  2
8  9  8  2
8  9  8  2
```

நான்காவது வரிக்குப் பிறகு i 8, j 9. இரண்டையும் கூட்டினால் 17. பாதி எட்டரை, முழு எண் வகுத்தலில் அரை உதிர்ந்து 8 மட்டும் நிற்கும். 2 சிறியது, ஆகவே i-க்கு மறுபடியும் 8. அடுத்த வரியும் அதே, அதற்கடுத்ததும் அதே. டிரை ரன் அட்டவணையில் இரண்டு வரிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வந்துவிட்டால் பென்சிலைக் கீழே வைத்துவிடலாம். இந்த நிரல் இனி நிற்கப்போவதில்லை.

விடை கிடைத்துவிட்டது, ஆனால் மற்ற மூன்று தெரிவுகளையும் ஓட்டிப் பார்க்காமல் விடுவது நஷ்டம். ஒன்றில் வரிசை 1 முதல் 10 வரை. X 10-க்குக் குறைவு என்று நிபந்தனை. ஏன் குறைவு? x 10-ஆக இருந்தால் மேலே பார்த்த அதே 8-இல் நிரல் மாட்டிக்கொள்ளும். இன்னொன்றில் வரிசை 2, 4, 6 என்று 20 வரை. X 2-க்கும் 20-க்கும் இடையில் உள்ள இரட்டை எண் என்று சொல்லியிருக்கிறார்கள். இரட்டை எண் என்ற சொல்லை எடுத்துவிட்டு 3-ஐத் தேடுங்கள். k 4, 2, 1, 0 என்று இறங்கி, i 0, j 1 என்ற இடத்தில் உறைந்துவிடும். கேள்வி தயாரித்தவர் ஒவ்வொரு சொல்லையும் ஓட்டிப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். வெறும் வாசிப்பில் இது பிடிபடாது.

இரண்டாவது கேள்வி, இதைச் சரிசெய்ய என்ன மாற்றம் தேவை என்பது. விடையாகக் கொள்ளப்படுவது, i-க்கு k + 1 என்றும் j-க்கு k - 1 என்றும் மாற்றுவது. பார்த்துவிட்ட நடு இடத்தை மறுபடி எல்லைக்குள் வைத்துக்கொள்ளாததால் எல்லை ஒவ்வொரு சுற்றிலும் சுருங்கும். நிரல் நிச்சயம் நிற்கும். கொடுத்த தெரிவுகளில் நோய்க்கு மருந்தாவது இது ஒன்றுதான். எல்லோரும் இதைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் போனேன். ஒரு நாள் வகுப்பில், திருத்திய நிரலையும் ஓட்டிக் காட்டலாமே என்று 2 முதல் 20 வரையான அந்த இரட்டை எண் வரிசையைப் பலகையில் எழுதி, 20-ஐத் தேடினேன்.

```
i  j  k  Y[k]
0  9  4  10
5  9  7  16
8  9  8  18
```

மூன்றாவது சுற்றில் 18 சிறியது என்பதால் i-க்கு 9. இப்போது i-யும் j-யும் 9. லூப் தொடர i, j-ஐ விடச் சிறியதாக இருக்க வேண்டும். இல்லை, ஆகவே வெளியே வந்துவிடுகிறது. k இன்னும் 8-இல்தான் இருக்கிறது, Y[8] 18. ‘இல்லை’ என்று அச்சாகிறது. 20 கண்ணெதிரே கடைசிக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது!

சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. பத்து எண்களையும் ஒவ்வொன்றாகத் தேடினோம். 4, 6, 10, 12, 16, 18 ஆகிய ஆறும் கிடைத்தன. 2, 8, 14, 20 ஆகிய நான்கும் ‘இல்லை’ என்று வந்தன. நான்குக்கும் காரணம் ஒன்றே. எல்லை சுருங்கிச் சுருங்கி ஒரே ஒரு கட்டத்துக்கு வரும்போது, அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்காமலேயே நிரல் கதவைச் சாத்திவிடுகிறது. முன்பு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது நின்று பொய் சொல்கிறது. லூப் நிபந்தனையில் i < j என்பதையும் i <= j என்று மாற்றினால்தான் பத்தும் கிடைக்கும். அந்த மாற்றம் நான்கு தெரிவுகளில் எதிலும் இல்லை.

கேள்வி தயாரித்தவரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. ஜான் பென்ட்லி என்ற கணினி அறிஞர் தொழில்முறை நிரலாளர்களுக்கு வகுப்பெடுக்கும்போது, ஓரிரு மணி நேரம் கொடுத்து இந்தச் சிறு நிரலை எழுதச் சொல்வாராம். சுமார் 10 சதவீதம் பேர்தான் பிழையில்லாமல் எழுதினார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். அவருடைய வழிமுறையிலும் ஒரு பிழை ஒளிந்திருந்தது. ஜாவா மொழியின் நூலகத்திலும் இருந்த அதே பிழையை 2006-இல் ஜோஷுவா ப்ளாக் வெளிப்படையாக எழுதினார். வரிசை மிகப் பெரிதாகும்போது i + j என்ற கூட்டல் 2,147,483,647-ஐத் தாண்டி, 32 பிட் எண்ணுக்குள் அடங்காமல் எதிர்மறையாகிவிடும். இதற்காகத்தான் இப்போது i + (j - i) / 2 என்று எழுதச் சொல்கிறார்கள். பத்துக் கட்ட வரிசையை வைத்துக்கொண்டு எத்தனை முறை டிரை ரன் செய்தாலும் இந்தப் பிழை தலைகாட்டாது. தாளில் ஓட்டுவதன் எல்லை அங்கே முடிகிறது.

ஆனால் அந்த நான்கு எண்கள் தாளுக்குள் அடங்கும் விஷயம். தேடல் நிரல் கேட்கும் பழைய கேள்வி கையில் கிடைத்தால், நடுவில் இருக்கும் எண்ணைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அது முதல் சுற்றிலேயே கிடைத்துவிடும், நிரலைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதல் எண், கடைசி எண், இரண்டு எண்களுக்கு நடுவில் விழும் இல்லாத எண் ஒன்று, இந்த மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். விடைக்குறிப்பை அதற்குப் பிறகு திறக்கலாம்.