ஷிப்டு மாறும் அந்த ஒரு மணி நேரம்

ஒரு நூற்பாலையில் காலை ஷிப்டு ஆறு மணிக்குப் பதில் ஏழு மணிக்குத் தொடங்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் பேருந்து கிடைக்காமல் பலர் தாமதமாக வருவதுதான் காரணம். அதை அறிவிப்பிலேயே வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். காரணம் சொல்லாத இடத்தில் வதந்திதான் காரணமாகிவிடும்.

வேலை நேரத்தை மாற்ற நினைக்கும் நிர்வாகம் தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றது 1947-ன் தொழில் தகராறுகள் சட்டம். 2020-ன் தொழில் உறவுகள் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் விடும் தாய்க்கு அந்த மூன்று வாரம் மிக அவசியம்.

பலரும் கவனிக்காமல் விடுவது மாறும் நாளைத்தான். புதன்கிழமை மாற்றினால், செவ்வாய் இரவு பத்து மணிக்கு வந்தவர் காலை ஆறுக்குப் போக முடியாது; ஏழு வரை நிற்க வேண்டும். அந்தக் கூடுதல் மணி வாரத்தின் 48 மணி நேரத்தைத் தாண்டினால் இரட்டைச் சம்பளம் உண்டு. அறிவிப்பில் அது இல்லையென்றால் சம்பள நாளில் தகராறுதான்.

ஞாயிறு விடுமுறை உள்ள ஆலையில் திங்கள் காலை ஏழுக்குத் தொடங்கலாம். சனி இரவு ஷிப்டு வழக்கம்போல் ஞாயிறு காலை ஆறுக்கு முடிந்துவிடும். யாருக்கும் கூடுதல் மணி விழாது.