தங்கத்தின் விலை ஏன் தினமும் மாறுகிறது? – ஒரு மாணவியின் கேள்வியும் நமது பதிலும்

மண்ணரையில் நமது கடைக்குச் சாமான் வாங்க வந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பத்திரிகையில் தங்க விலையைப் பார்த்துவிட்டுச் சில கேள்விகள் கேட்டாள். நம் வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று அவற்றை இங்கே தருகிறோம்.

கேள்வி: தாத்தா, பருப்பு விலை பல நாள் ஒரே மாதிரி இருக்கிறது. தங்கம் மட்டும் ஏன் தினமும் மாறுகிறது?

பதில்: நம் நாட்டில் தங்கம் வெட்டியெடுப்பது மிகக் குறைவு, கண்ணு. கோலார் சுரங்கமும் 2001-ல் மூடப்பட்டது. பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், இத்தனை டாலர் என்று விலை பேசுகிறார்கள். அந்த விலை நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும். சனி, ஞாயிறு அந்தச் சந்தை இல்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை நம்மூரில் சனிக்கிழமை விலையே இருக்கும்.

கேள்வி: அங்கே விலை மாறாவிட்டால் இங்கேயும் மாறாதா?

பதில்: மாறும். டாலரை வாங்க நாம் ரூபாய் தர வேண்டுமே! அவுன்ஸ் 2,400 டாலர், டாலர் 83.50 ரூபாய் என்று வைத்துக்கொள். சுத்தத் தங்கம் கிராம் சுமார் 6,440 ரூபாய். நகைக்கான 22 காரட்டில் நூற்றுக்கு 91.6 பங்குதான் தங்கம். ஆகவே கிராம் சுமார் 5,900. டாலர் ஒரு ரூபாய் ஏறினால், 6 சதவீதச் சுங்கவரியும் சேர்த்து, எட்டுக் கிராம் பவுனுக்குச் சுமார் 600 ரூபாய் கூடிவிடும். டாலர் ஏறினால் நம் திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளருக்கு மகிழ்ச்சி. அதே நாளில் மகளுக்கு நகை எடுப்பவருக்குக் கவலை.

கேள்வி: அரசாங்கம் விலை வைப்பதில்லையா?

பதில்: இல்லை. சந்தையைப் பார்த்து நகை வியாபாரிகள் சங்கத்தார் அறிவிக்கிறார்கள். சில நாள் காலை ஒரு விலை, மாலை ஒரு விலை. ஆனால் வரி போடுவது அரசாங்கம். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் சுங்கவரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தது. நமது கணக்குப்படி பவுனுக்குச் சுமார் 4,250 ரூபாய் குறைய வேண்டும். சென்னையில் அன்று குறைந்தது இரண்டாயிரத்துச் சொச்சம். அடுத்த சில நாட்களிலும் இறங்கியது.

கேள்வி: முழுவதும் அன்றே ஏன் குறையவில்லை?

பதில்: கடைகளில் இருந்தது பழைய வரி கட்டிய சரக்கு. கூடுதல் விலைக்கு வாங்கிய மூட்டை குடோனில் இருக்கும்போது மார்க்கெட் இறங்கினால் நாம் என்ன பாடுபடுகிறோம்! நகைக்காரருக்கும் அதே பாடுதான்.

இனி விலை மாறினால் மூன்றைப் பார்க்கச் சொன்னோம்: அவுன்ஸ் விலை, டாலர் மதிப்பு, சுங்கவரி. எது அசைந்தது என்று தெரிந்தால் காரணமும் தெரிந்துவிடும். பில்லில் வரும் செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. ஆகியவை தனிக்கணக்கு.