‘அக்கா, பார்சல் மாறிப்போச்சு!’ - வீட்டு பிசினஸுக்கு உதவியாளர் வைக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஈரோட்டில் வீட்டிலிருந்தபடியே காட்டன் சேலைகளை வாட்ஸ்அப்பில் விற்கும் தோழி ஒருவர் இருக்கிறார். காலையில் சேலைகளைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவார். மதியம் பேக்கிங், மாலையில் கூரியர், இரவு பதினொன்றரை வரை ‘இது இருக்கா சிஸ்டர்?’ என்ற கேள்விகளுக்குப் பதில். இப்படியே மூன்று வருடங்கள் ஓடின. போன வருடம் தீபாவளிக்கு முன்பு, பக்கத்துத் தெருப் பெண் ஒருவரை மதிய நேர உதவிக்கு வைத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரமே சிக்கல். திருநெல்வேலிக்குப் போக வேண்டிய நீலச் சேலை கோயம்புத்தூருக்கும், கோயம்புத்தூர் மெரூன் சேலை திருநெல்வேலிக்கும் போய்விட்டன. ‘வேற சேலை வந்திருக்கு’ என்று வியாழக்கிழமை மதியமே மெசேஜ் வந்திருக்கிறது. அதைப் பார்த்த உதவியாளர், ‘பார்த்துட்டுச் சொல்றேன் மேம்’ என்று பதில் போட்டுவிட்டு, தோழியிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை வாடிக்கையாளரே போன் செய்து, ‘நாளைக்கு எங்க வீட்டு வளைகாப்புங்க, அதுக்குத்தானே வாங்குனேன்’ என்றபோதுதான் தோழிக்கு விஷயம் தெரிந்தது.

“ஏம்மா சொல்லலைன்னு கேட்டேன். ‘தப்பு நடந்தா சம்பளத்துல பிடிச்சுடுவேன்னு முதல் நாளே சொன்னீங்களேக்கா’னு அழுதுட்டா. நான் அதை விளையாட்டாச் சொன்னேங்க. அவளுக்கு அது விளையாட்டா இல்லை” என்றார் தோழி.

திருப்பி வாங்க இரண்டு கூரியர், மறுபடி அனுப்ப இரண்டு கூரியர், ஒன்றுக்கு 80 ரூபாய் வீதம் மொத்தம் 320 ரூபாய் நஷ்டம். வியாழக்கிழமையே தெரிந்திருந்தால், வாடிக்கையாளரிடம் பேசி வளைகாப்புக்கு வேறு வழி ஏதாவது செய்திருக்கலாம். அந்த இரண்டு நாள்களைத்தான் மீட்க முடியவில்லை. அதன் பிறகு வேலை சொல்லிக்கொடுக்கும் முறையையே தோழி மாற்றினார். அதே பெண்தான் இன்றும் அவரிடம் வேலை பார்க்கிறார். தோழி செய்த மாற்றங்கள், வீட்டிலிருந்து பொடி, நகை, சேலை என எதை விற்பவருக்கும் பயன்படும்.

ஆள் தேவையா... கணக்குப் பாருங்கள்!

‘வேலை அதிகமாகிவிட்டது’ என்று தோன்றியதும் ஆள் தேட வேண்டாம். ஒரு வாரத்துக்கு எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் போகிறது என்று நோட்டில் எழுதுங்கள். தோழிக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 18 ஆர்டர்கள். ஒரு பார்சலுக்கு 6 நிமிடம் என்றால், பேக்கிங்குக்கு மட்டும் 108 நிமிடம். ‘பார்சல் எங்கே வருது’, ‘கூரியர் சார்ஜ் எவ்வளவு’ போன்ற வழக்கமான கேள்விகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆக, வேறு ஒருவரிடம் தரக்கூடிய வேலை சுமார் மூன்று மணி நேரம். கூரியர்காரர் ஐந்தரைக்கு வருவார் என்பதால், வேலை நேரத்தை 2 முதல் 5 மணி வரை என்று முடிவு செய்தார்.

சம்பளம் மாதம் 6,000 ரூபாய். 26 நாள்களுக்கு 78 மணி நேரம் வருகிறது. அதாவது மணிக்கு சுமார் 77 ரூபாய். மாதம் 468 பார்சல் என்றால், ஒரு பார்சலுக்கு ஏறக்குறைய 13 ரூபாய் கூடுதல் செலவு. இந்த 13 ரூபாய் உங்கள் விலைக்குள் அடங்குமா என்று முதலில் பாருங்கள். அடங்காவிட்டால் ஆள் வைப்பதற்கு முன் விலையைத்தான் சரிசெய்ய வேண்டும். அதற்காகச் சம்பளத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள். அந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது.

‘பார்சலுக்கு இவ்வளவு’ என்று பேசுவது லாபமாகத் தெரியும். ஆனால், எண்ணிக்கைக்குச் சம்பளம் என்றால் கை வேகமாக ஓடும். சேலையைப் பிரித்துப் பார்க்கும் வேலை அடிபடும். மாதச் சம்பளமே இதற்குப் பொருத்தம்.

ஐந்து முகவரி வைத்து ஒரு பரீட்சை

தெரிந்த பெண், நல்ல பெண் என்பது மட்டும் போதாது. இந்த வேலைக்கு வேண்டியது கவனம். வாடிக்கையாளர்கள் மெசேஜில் அனுப்புவது போன்ற ஐந்து முகவரிகளை நீங்களே தயார் செய்து, பார்சலில் ஒட்டும்படி எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்றில் பின்கோடு ஐந்து இலக்கம்தான் இருக்கட்டும். இன்னொன்றில் ஊர் கோயம்புத்தூர், பின்கோடு 627 என்று தொடங்கட்டும். கோவைக்கு 641, 627 திருநெல்வேலிக்கு உரியது. மூன்றாவதில் போன் நம்பரே வேண்டாம்.

பின்கோடு எந்த ஊருக்கு உரியது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். ‘அக்கா, இதுல ஒரு நம்பர் குறையுது’ என்று நிறுத்திக் கேட்கிறாரா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கேட்காமல் அப்படியே எழுதித் தருபவர், நாளை சந்தேகம் வந்தாலும் கேட்க மாட்டார். பிடித்திருந்தால் மூன்று நாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த மூன்று நாளுக்கும் சம்பளம் கொடுத்துவிடுங்கள்.

மேஜையில் ஒரே ஆர்டர்

பார்சல் மாறியது எப்படி என்று தோழி பின்னால் யோசித்துப் பார்த்தார். உதவியாளர் எல்லாச் சேலைகளையும் முதலில் கவரில் போட்டு அடுக்கிவிட்டு, கடைசியில் முகவரிச் சீட்டுகளை வரிசையாக ஒட்டியிருக்கிறார். கவரை மூடிய பிறகு உள்ளே எந்தச் சேலை என்று யாருக்கும் தெரியாது. அடுக்கில் ஒன்று இடம் மாறினால் இரண்டு பார்சல்கள் தப்பாகும்.

இப்போது மேஜையில் ஒரே ஆர்டர்தான் இருக்கும். முதலில் முகவரிச் சீட்டை எடுத்து மேஜையில் வைக்க வேண்டும். அதில் உள்ள சேலையை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் முழுவதும் பிரித்து, இழை விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா, பிளவுஸ் பிட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மடித்து பிளாஸ்டிக் கவரில் போட்டு, சேலை, பில், முகவரிச் சீட்டு மூன்றும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு போட்டோ எடுக்க வேண்டும். பிறகு கூரியர் கவரில் போட்டு ஒட்டி, சீட்டை ஒட்டி, மழையில் மை கரையாமலிருக்க அதன் மேல் செல்லோ டேப் ஒட்ட வேண்டும். அந்தப் பார்சல் கூடைக்குப் போன பிறகுதான் அடுத்த சீட்டைத் தொட வேண்டும்.

‘மாறி வந்திருக்கு’ என்று யாராவது சொன்னால், அந்த போட்டோ இரண்டே நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடும். மாறியது உண்மையென்றால், அதற்கு முன்னும் பின்னும் பேக் செய்த பார்சல்களின் போட்டோக்களையும் உடனே பார்க்க வேண்டும். இன்னொருவரிடமிருந்தும் புகார் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

முதல் வாரம் முழுக்க இது மட்டும்தான் வேலை. ஐந்து பார்சல் நீங்கள் செய்து காட்டுங்கள். ஐந்து சேர்ந்து செய்யுங்கள். அடுத்தது அவர் செய்ய, ஒட்டுவதற்கு முன் நீங்கள் பாருங்கள்.

சாட்... கொஞ்சம் கொஞ்சமாக!

பேக்கிங் ஒரு வாரத்தில் வந்துவிடும். சாட் அப்படியல்ல. ஒரு தப்பான வாக்கு கொடுத்துவிட்டால், அதை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். இரண்டாவது வாரம் உதவியாளர் பதிலைத் தாளில் எழுதிக் காட்டட்டும். அனுப்புவது நீங்களாக இருங்கள். மூன்றாவது வாரம், ‘ஸ்டாக் இருக்கா’, ‘கூரியர் சார்ஜ் எவ்வளவு’, ‘பார்சல் எங்கே’ என்ற மூன்று கேள்விகளுக்கு மட்டும் அவரே பதில் அனுப்பட்டும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இவற்றுக்கான பதில்களை ‘குயிக் ரிப்ளை’யாகச் சேமித்து வைக்கலாம். `/track` என்பது போன்ற சுருக்கச் சொல்லைத் தட்டினால், எழுதி வைத்த பதில் வந்துவிடும்.

விலையைக் குறைக்கக் கேட்பது, திருப்பி எடுக்கச் சொல்வது, கோபமாகப் பேசுவது, ‘இத்தனாம் தேதிக்குள் வருமா’ என்று கேட்பது - இந்த நான்கும் உங்களுடையவை. இவை வந்தால் அவர் அனுப்ப வேண்டியது ஒரே வரிதான்: ‘கேட்டுட்டு அரை மணி நேரத்துல சொல்றேங்க.’ உடனே உங்களிடம் சொல்லிவிட வேண்டும். அந்த அரை மணி நேரத்தைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு.

‘போட்டோவுல இருக்குற கலர்தானே?’ என்ற கேள்விக்கு ‘ஆமாங்க’ என்று சொல்லவே கூடாது என்கிறார் தோழி. ஒவ்வொரு போனிலும் நிறம் ஒவ்வொரு மாதிரி தெரியும். ‘வெளிச்சத்துல எடுத்த வீடியோ அனுப்புறேன், பார்த்துட்டுச் சொல்லுங்க’ என்பதே சரியான பதில்.

இருவர் பதில் சொல்லும்போது, ஒரே சேலையை இருவருக்கு விற்றுவிடும் ஆபத்தும் உண்டு. இதற்குச் சுவரில் ஒரு ஸ்டாக் நோட்டு தொங்குகிறது. பணம் வந்த பிறகு, நேரத்தையும் பெயரையும் அதில் எழுதினால்தான் சேலை விற்றதாகக் கணக்கு.

பணமும் போனும் உங்களிடமே!

வாடிக்கையாளர் அனுப்பும் யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் போடக் கூடாது. ஸ்கிரீன்ஷாட்டைப் போலியாகச் செய்வது சுலபம். கணக்கில் பணம் ஏறியதை நீங்கள் பார்த்து, அந்த சாட்டுக்கு ‘பணம் வந்தாச்சு’ என்று லேபிள் போட்ட பிறகே அவர் பேக் செய்ய வேண்டும். ‘தெரியாம கூடுதலா அனுப்பிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க’ என்று வரும் மெசேஜுக்கும் அவர் பதில் சொல்லக் கூடாது. அதுவும் பழகிப்போன ஏமாற்று வேலைதான்.

உங்கள் சொந்த நம்பரில் வியாபாரம் நடந்தால், ஆள் வைக்கும் முன் தனி நம்பருக்கு மாறிவிடுங்கள். போனைக் கையில் கொடுக்க வேண்டாம். பழைய லேப்டாப் ஒன்றில் வாட்ஸ்அப் வெப் இணைத்துக் கொடுங்கள். அதில் எல்லா சாட்களும் தெரியும் என்பது நினைவிருக்கட்டும். வேலை முடிந்ததும் உங்கள் போனில் `Linked devices` பகுதிக்குப் போய் லாக் அவுட் செய்துவிடலாம். வாடிக்கையாளர்களில் பலர் பெண்கள். அவர்களின் நம்பரையும் முகவரியையும் தன் போனில் சேமிக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லுங்கள். வீணான முகவரிச் சீட்டுகளைக் கிழித்துப் போடுவதும் வேலையில் ஒரு பகுதிதான்.

தப்பைச் சொன்னால் திட்டு இல்லை

இப்போது தோழியின் மேஜை மேல் ஒரு சிறிய நோட்டு இருக்கிறது. அன்றன்று நடந்த தவறுகளை இருவருமே அதில் எழுதுகிறார்கள். தவறால் வரும் கூரியர் செலவு தோழியுடையது; சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிப்பதில்லை. ஒரே தவறு இரண்டு முறை நடந்தால், வேலை செய்யும் முறையில் எதை மாற்றலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

“நோட்டுல முதல் தப்பு யார் எழுதினதுன்னு நினைக்கிறீங்க? நான்தான். கூரியர் சார்ஜைச் சேர்க்காம ஒருத்தருக்கு பில் போட்டுட்டேன்” என்று சிரிக்கிறார் தோழி. “அதைப் பார்த்த மறுநாளே அவ வந்து, ‘அக்கா, நேத்து ஒரு பார்சல்ல பிளவுஸ் பிட் வைக்க மறந்துட்டேன்’னு சொன்னா. பார்சல் அப்ப போய்ச் சேரவே இல்லை. அந்தம்மாவுக்கு நானே போன் பண்ணிச் சொல்லி, பிட்டைத் தனியா அனுப்பிட்டேன். அடுத்த வாரம் அவங்க இன்னும் ரெண்டு சேலை வாங்குனாங்க.”