இரண்டாவது சந்திப்பு வேண்டாம் என்று சொல்லும் செய்தி

டேட்டிங் ஆப் வழியாக அறிமுகமாகி, முதல் சந்திப்பு சப்பென்று முடிந்த பிறகு அனுப்பும் மறுப்புச் செய்திக்கு மூன்று நான்கு வரி போதும். ஒருமுறைதான் பார்த்தவர் என்பதால் போனில் அழைக்க வேண்டியதில்லை. எழுத்தில் வந்தால், வாசிப்பவர் தன் ஏமாற்றத்தை யாருக்கும் காட்டாமல் தனியாக ஏற்றுக்கொள்ள முடியும்.

ஓர் உதாரணம். சென்னையில் ஒரு காபி கடையில் இருவர் ஒன்றரை மணி நேரம் பேசுகிறார்கள். சண்டை இல்லை, சலிப்பும் இல்லை. ஆனால் பேச்சு கேள்வி பதிலாகவே நகர்ந்தது. அன்றிரவே அவரிடமிருந்து, "அடுத்த சனிக்கிழமை படத்துக்குப் போலாமா?" என்று செய்தி வருகிறது. மறுநாள் அவள் அனுப்பும் பதில்:

"நேத்து நேரம் ஒதுக்கி வந்ததுக்கு தேங்க்ஸ். உங்க பாட்டி மளிகைக் கடைக் கணக்கைச் சுவத்துலயே எழுதி வெச்ச கதையை ரொம்ப ரசிச்சேன். ஆனா எனக்கு அதுக்கு மேல ஒரு ஈர்ப்பு வரல. அதனால மறுபடி மீட் பண்ண வேண்டாம்னு முடிவு பண்ணிருக்கேன். உங்களுக்கு நல்லபடியா அமையட்டும்."

பாட்டி கதை முகஸ்துதி அல்ல. அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டதற்கு அடையாளம். உண்மையிலேயே பிடித்த ஒன்று நினைவில் இல்லையென்றால் நன்றியோடு நிறுத்துவது மேல். மறுப்பு "எனக்கு வரல" என்று அவளையே சார்ந்து நிற்கிறது. "நீங்க ரொம்ப அமைதி" என்று காரணம் சொல்லியிருந்தால், "அன்னைக்குக் கொஞ்சம் பதற்றம், அடுத்த முறை பாருங்க" என்று அவர் வாதாட இடம் கிடைத்திருக்கும்.

இத்தகைய செய்தியைக் கெடுப்பது பெரும்பாலும் "பார்க்கலாம்" என்ற சொல். தமிழில் அது சந்திப்போம் என்றும் பொருள்படும், நழுவலாகவும் ஒலிக்கும். அனுப்பியவர் இரண்டாவதை நினைக்க, வாசித்தவர் முதலாவதை எடுத்துக்கொள்வார். "இப்போ ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி" என்பதும் அப்படியே. வேலை குறைந்ததும் மீண்டும் கேட்கலாம் என்றே தோன்றும். "அப்போ அடுத்த வாரம்?" என்று பதில் வந்தால், மறுப்பு போய்ச் சேரவில்லை என்று அறியலாம். நட்பைத் தொடரும் எண்ணம் இல்லாதபோது "ஃப்ரெண்ட்ஸா இருப்போம்" என்பதும் இதே குழப்பத்தைத் தரும்.

அவர் சந்திப்பைக் கேட்டிருந்தால் ஓரிரு நாளுக்குள் பதில் போவது நல்லது. ப்ளூ டிக் விழுந்தும் பதில் வராத ஒவ்வொரு நாளும் அவரைக் காத்திருக்க வைக்கிறது. இரு பக்கமும் எதுவும் கேட்காமல் பேச்சு தானாக நின்றுவிட்டால் தனியாக மறுப்பு அனுப்பத் தேவையில்லை.

"ஏன்?" என்று அவர் கேட்டால், "குறிப்பா ஒண்ணும் இல்ல, எனக்குத் தோணல, அவ்வளவுதான்" என்று ஒருமுறை சொன்னால் போதும். அதற்கு மேலும் வற்புறுத்தினாலோ ஏசினாலோ பதில் சொல்லும் கடமை இல்லை, பிளாக் செய்துவிடலாம். சந்திப்பின்போதே அச்சமூட்டும்படி நடந்துகொண்டவருக்கு இந்தச் செய்தியே தேவையில்லை.