காய்ச்சல் போனபின் ஓடும் கடிகாரம்

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கும் பிள்ளைக்குப் பருவத்தின் கடைசி மாதத்தில் உடம்பு படுத்துவிட்டால், பேராசிரியர் தரக்கூடிய சலுகைக்குப் பெயர் 'இன்கம்ப்ளீட்'. மதிப்பெண் பட்டியலில் ஏ, பி என்ற எழுத்துக்குப் பதில் ஆங்கில ஐ விழும். சராசரியில் அது சேராது. மிச்ச வேலையை முடித்துக் கொடுத்தால் உரிய கிரேடு வந்துவிடும். கொடுக்காவிட்டால், குறித்த நாளில் தானாகவே தோல்வியாக மாறும். எச்சரித்து யாராவது கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அந்த நாள் எது என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். சான் ஹொசே உள்ளிட்ட கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களில் வெளி எல்லை ஒரு வருடம். பருவம் முடிந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். அடுத்த பருவம் நீங்கள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், சிகிச்சைக்காகச் சென்னைக்குத் திரும்பி வீட்டில் படுத்திருந்தாலும் கடிகாரம் ஓடும். வருடம் கடந்தால் அந்த ஐ, 'ஐசி' ஆகிவிடும். சராசரிக் கணக்கில் அது எஃப்-க்குச் சமம். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள யு.சி.எல்.ஏ.வில் கதை வேறு. அங்கே அடுத்து நீங்கள் படிக்கும் முழுப் பருவத்தின் முடிவுதான் கெடு. பாடம் நடப்பது பத்தே வாரம் என்பதால், சேர்ந்தவுடனேயே பழைய பாக்கியையும் தொட்டாக வேண்டும்.

இதற்கும் உள்ளே இன்னொரு தேதி இருக்கும். என்ன வேலை பாக்கி, என்றைக்குள் கொடுக்க வேண்டும் என்று பேராசிரியர் எழுத்தில் தருவார். பல்கலைக்கழகம் ஒரு வருடம் தருகிறது என்பதற்காக அவரும் ஒரு வருடம் தரவேண்டியதில்லை. மார்ச் 15 என்று எழுதியிருந்தால் மார்ச் 15தான். பலர் பல்கலைக்கழக விதியைப் படித்துவிட்டு இந்தத் தாளைப் படிக்காமல் விடுகிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சான் ஹொசேயில் முதுகலை மாணவி ஒருத்தி; மூன்று பாடம், ஒவ்வொன்றும் 3 யூனிட். நவம்பர் கடைசியில் குடல்வால் அறுவை சிகிச்சை. ஒரு பாடத்தில் ஏ, இன்னொன்றில் பி வாங்கிவிட்டாள். மூன்றாவதில் 70 மதிப்பெண்ணுக்கான வேலை முடிந்து 63 கிடைத்திருக்கிறது. 30 மதிப்பெண் பிராஜெக்ட் மட்டும் பாக்கி. இன்கம்ப்ளீட் கிடைக்கிறது. பிராஜெக்ட் சரியாக வரவில்லை, அரைகுறையாகக் கொடுக்க வெட்கம் என்று தள்ளிக்கொண்டே போனால், வருடக் கடைசியில் ஐசி. வாங்கிய 63-ஐ அந்த எழுத்து கண்டுகொள்ளாது. நான்கும் மூன்றும் பூஜ்யமும் கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி 2.33. பட்டம் வாங்க 3.0 வேண்டும். அதே பிராஜெக்டைப் பாதியாகவே கொடுத்து 10 வாங்கியிருந்தாலும் மொத்தம் 73. அதற்குப் பேராசிரியர் சி போட்டால் சராசரி சரியாக 3.0. தாமதமாக வரும் நல்ல பிராஜெக்டைவிட நேரத்துக்கு வரும் சுமாரான பிராஜெக்டுக்கு இங்கே மதிப்பு அதிகம். உடம்பு இன்னும் தேறவில்லையென்றால் கெடு முடிவதற்கு முன்பே மருத்துவர் கடிதத்தோடு நீட்டிப்பு கேட்கலாம். முடிந்தபின் கேட்டால் வேலை கடினம்.

செய்யக் கூடாத ஒன்று, அதே பாடத்தில் மறுபடி பதிவு செய்வது. பாக்கியை முடிப்பதற்கு அது தேவையில்லை; கலிஃபோர்னியா மாநில வளாகங்களில் ஐ தீரும்வரை அதற்கு அனுமதியும் இல்லை. அதுபோல, பாடத்தில் பெரும்பகுதியை மீண்டும் உட்கார்ந்து கேட்டால்தான் முடிக்க முடியும் என்ற நிலையில் இன்கம்ப்ளீட் தர மாட்டார்கள். மூன்றாம் வாரத்திலேயே டெங்கு வந்து படுத்தவருக்கு இது வழியல்ல. பாடத்தை விட்டு விலகுவதுதான் வழி.

விலகும்போது நம் பிள்ளைகளுக்கு விசா கவலை வந்து சேரும். எஃப்-1 விசாவில் இருப்பவர் முழுநேரம் படித்தாக வேண்டும். நோய்க்காகப் பாடத்தைக் குறைக்கவோ ஒரு பருவம் முழுதும் படிக்காமல் இருக்கவோ இடமுண்டு. ஆனால் உரிமம் பெற்ற மருத்துவர் அல்லது உளவியலாளரின் கடிதத்தைச் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கொடுத்து, விலகுவதற்கு முன்பே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். ஒரு பட்ட நிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை இப்படி அனுமதிப்பார்கள். பாடத்தை விட்டுவிட்டுப் போய்ச் சொல்வது சிக்கல். இன்கம்ப்ளீட் வாங்கியவருக்கு வேறு கவனம்: பழைய பாடத்தின் பாக்கி வேலை எவ்வளவு இருந்தாலும், அடுத்த பருவத்தின் முழுநேர யூனிட் கணக்கில் அது சேராது.

வேலையைக் கொடுத்தவுடன் எழுத்து மாறிவிடாது. பேராசிரியர் திருத்தி, கிரேடு மாற்றம் பதிவு செய்ய வேண்டும். அவர் விடுப்பில் போயிருந்தாலோ வேறு ஊருக்கு மாறியிருந்தாலோ துறைத் தலைவருக்கு எழுத வேண்டும். சமர்ப்பித்த தேதி தெரியும் மின்னஞ்சலும் பேராசிரியர் எழுதிக்கொடுத்த தாளும் அப்போது கையில் இருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்தும் பட்டியலில் ஐ அப்படியே இருந்தால், மறுபடி ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.