மேல்மாடி நீர்க்கசிவு: யார் யாரைக் கேட்பது?

தோட்டத்து லயன் வீட்டில் கூரை ஒழுகினால், மழை பெய்கின்றது, தகரம் ஓட்டையாகி விட்டது என்பதை எவரும் அறிவர். நிர்வாகத்திடம் முறையிட்டால் தகரம் மாற்றப்படும். ஆனால், அடுக்குமாடி வீட்டிலோ நமது தலைக்கு மேலே இருப்பது கூரை அன்று. பிறர் ஒருவரின் தரையாகும். வானம் வெளுத்திருக்கும் நாளிலும் நமது மேல்தளத்தில் நீர் சொட்டக்கூடும். அப்பொழுது எவரிடம் செல்வது? கோலா தெர்லா போன்ற தோட்டப் பகுதிகளிலிருந்து பிள்ளைகள் வாங்கிய அடுக்குமாடி வீடுகளில் குடியேறியுள்ள முதியோர் பலருக்கும் இது புதிய சிக்கலே. எனவே, இது பற்றிய விதிகளை அறிந்துகொள்ளுதல் நலமாகும்.

தீபகற்ப மலேசியாவில் இதற்கெனத் தெளிவான சட்டம் உண்டு. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டமும் (757வது சட்டம்), அதன் கீழ் 2015ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பராமரிப்பு, நிர்வாக விதிகளும் மாடிகளுக்கிடையிலான நீர்க்கசிவைத் தனியே குறிப்பிடுகின்றன. மேல்தளத்திலோ, அதில் பொருத்தப்பட்ட பூச்சு, பலகை முதலியவற்றிலோ ஈரம், கசிவு ஆகியவற்றின் அடையாளம் காணப்பட்டால் அது நீர்க்கசிவு எனக் கொள்ளப்படும். வேறுவிதமாக மெய்ப்பிக்கப்படும் வரையில், குறை மேல் வீட்டில்தான் உள்ளது என்று சட்டம் அனுமானிக்கின்றது. ஆகவே, கீழ் வீட்டார் சுவரையோ தரையையோ உடைத்துக் காரணத்தைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டியதில்லை.

இங்கே பலரையும் குழப்பும் செய்தி ஒன்றுண்டு. அடுக்குமாடிகள் பலவற்றில் மேல் வீட்டுக் குளியலறையின் கழிவுநீர்க் குழாய் அவர்களுடைய தரைக்குக் கீழே, அதாவது நமது குளியலறையின் மேல்தளத்தை ஒட்டித் தொங்கும். "குழாய் உங்கள் வீட்டில்தானே இருக்கிறது, நீங்களே சரி செய்துகொள்ளுங்கள்" என்று மேல் வீட்டார் கூறுவது வழக்கம். இது சரியன்று. குழாய் எங்கே தொங்குகின்றது என்பதைவிட, எந்த வீட்டுக்காகப் பயன்படுகின்றது என்பதே முக்கியம். ஒரு வீட்டுக்கு மட்டுமே பயன்படும் குழாய்க்கு அவ்வீட்டு உரிமையாளரே பொறுப்பு. பல வீடுகளுக்கும் பொதுவாகச் செல்லும் பெருங்குழாயும் கட்டடத்தின் கூரையும் பொதுச்சொத்து. அவற்றைப் பழுது பார்க்கும் கடமை நிர்வாக அமைப்பைச் சேர்ந்தது.

முறையீடு செய்வதற்கு முன் சில நாட்கள் கசிவைக் கவனித்தல் வேண்டும். இரவும் பகலும் இடைவிடாது சொட்டினால், எப்பொழுதும் அழுத்தத்தில் உள்ள குடிநீர்க் குழாயில் பழுது இருக்கலாம். மேல் வீட்டார் குளித்த பின்னர் மட்டும் ஈரம் பரவினால், கழிவுநீர்க் குழாயிலோ குளியலறைத் தரையின் நீர்த்தடுப்புப் பூச்சிலோ குறை இருக்கலாம். மழைக்குப் பின் மட்டும் தோன்றினால், கூரையையோ வெளிச்சுவரையோ நோக்க வேண்டும்.

கேமரன் மலை போன்ற குளிர்ப் பகுதிகளில் மற்றொன்றையும் நினைவிற் கொள்க. வெந்நீரில் குளிக்கும்பொழுது எழும் ஆவி, குளிர்ந்த மேல்தளத்தில் பட்டு நீர்த்துளிகளாக மாறும். இது மேல்தளம் முழுவதும் பரவலாகத் தோன்றும். சன்னலைத் திறந்து வைத்தால் குறைந்துவிடும். உண்மைக் கசிவோ ஓரிடத்தில் தொடங்கி, விளிம்பில் பழுப்பு வளையத்துடன் நாளுக்கு நாள் விரியும்.

இனி, ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தானா ராத்தாவில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் ஒரு குடும்பம் வாழ்கின்றது எனக் கொள்வோம். குளியலறை மேல்தளத்தில் தோன்றிய கறை, அடுத்திருந்த படுக்கையறைக்கும் பரவி மெத்தையை நனைத்துவிட்டது. குடும்பத் தலைவர் நான்காம் மாடிக்குச் சென்று அமைதியாகக் கூறுகிறார். அங்கிருப்பவரோ வாடகைக்குக் குடியிருப்பவர். தமக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். இவ்விடத்தில் வாய்ச்சண்டையினால் பயனில்லை. பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. உரிமையாளர் யாரென்பது நிர்வாக அலுவலகத்தில் பதிவாகியிருக்கும்.

ஆகவே, அவர் கறையைப் படம் பிடித்து, நாளும் நேரமும் குறித்து, நிர்வாக அமைப்புக்கு எழுத்து மூலம் முறையிடுகிறார். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட நாளையும் முத்திரையையும் வாங்கி வைக்கிறார். இந்த நாளே மிக முக்கியம். முறையீடு கிடைத்த ஏழு நாட்களுக்குள் நிர்வாகம் சோதனை நடத்த வேண்டும். சோதனை முடிந்த ஐந்து நாட்களுக்குள் 28ஆம் எண் பாரத்தில் சோதனைச் சான்றிதழ் வழங்க வேண்டும். கசிவின் காரணமும் பொறுப்பாளி யாரென்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும். "நீங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ள இயலாது.

நமது எடுத்துக்காட்டில், நான்காம் மாடிக் குளியலறையின் நீர்போக்கியை அடைத்து, நிறம் கலந்த நீரைத் தேக்கி வைக்கிறார்கள். மறுநாள் அதே நிறம் கீழே இறங்குகின்றது. நீர்த்தடுப்புப் பூச்சு கெட்டுவிட்டது என உறுதியாகின்றது. சான்றிதழ் கிடைத்த ஏழு நாட்களுக்குள் நான்காம் மாடி உரிமையாளர் பழுது பார்க்க நடவடிக்கை எடுக்க வேண்டும். அவர் வாளாவிருந்தால், நிர்வாகமே பழுது பார்த்து, அச்செலவை அவரிடமிருந்து வசூலிக்கும். செலவு 1,800 வெள்ளி என்றால், அதனைக் கொடுக்க வேண்டியவர் அவரே. கீழ் வீட்டார் அல்லர்.

வீட்டுக்குள் சோதனை செய்ய இடம் தர மறுப்போர் உண்டு. ஏழு நாள் எழுத்து அறிவிப்புக்குப் பின்னரும் வழிவிட மறுப்பது குற்றமாகும். அதற்கு 50,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சான்றிதழின் முடிவை ஏற்காதவர், தம் வட்டாரத்துக் கட்டட ஆணையரிடம் முறையிடலாம். அவர் பதிவு பெற்ற கட்டடக் கலைஞர், பொறியியலாளர் போன்ற வல்லுநரை நியமித்து உண்மையைக் கண்டறிவார்.

கசிவு நின்றபின் எஞ்சுவது நட்டம். நனைந்த மெத்தைக்கும் புதிய சாயத்துக்கும் 1,000 வெள்ளி செலவாயிற்று எனக் கொள்வோம். மேல் வீட்டு உரிமையாளர் இணங்கித் தந்தால் நன்று. இல்லையேல் அடுக்குமாடி நிர்வாகத் தீர்ப்பாயத்தை நாடலாம். 250,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைகளை அது விசாரிக்கும். பொதுவாக அங்கே வழக்கறிஞர் தேவையில்லை, அவரவரே பேசலாம். முறையீட்டின் நகல், சோதனைச் சான்றிதழ், படங்கள், கடை ரசீதுகள் ஆகியவையே அங்கு பேசும் சாட்சிகள். நனைந்த மெத்தையைப் படம் எடுக்காமல் எறிந்துவிட்டவர் பின்னர் மெய்ப்பிக்க வழியின்றி வருந்துவார்.

இரு வரம்புகளை மறத்தலாகாது. இவ்விதிகள் தனித்தனி உரிமையுள்ள அடுக்குமாடிகளுக்கே உரியவை. அரசாங்கத்திடம் வாடகைக்குப் பெற்ற வீட்டில் குடியிருப்போர், வீட்டின் சொந்தக்காரரான அத்துறையிடமே முறையிட வேண்டும். மேலும், புதிதாக வாங்கிய வீட்டில் குறைகளுக்கான உத்தரவாதக் காலம் முடியவில்லையெனில், கட்டுமானக் குறையினால் வந்த கசிவுக்கு மேல் வீட்டாரைவிட மேம்பாட்டாளரையே முதலில் கேட்க வேண்டும்.

மேல் வீட்டார் தம் தரைக்குக் கீழே நிகழ்வதைக் காண இயலாதவர். முதற்கண் அவர்களிடம் நயமாகத் தெரிவித்து, அன்றே கடிதத்தையும் நிர்வாகத்திடம் சேர்ப்பித்துவிடுங்கள். அக்கடிதம் சேர்ந்த நாளிலிருந்தே சட்டம் கூறும் ஏழு நாட்கள் எண்ணப்படும்.