வடிகட்டிய கஞ்சி போதுமா? ஆறு மாதத்திற்குப் பின் குழந்தையின் உணவு

பத்து மாத ஆண் குழந்தை ஒன்றை அண்மையில் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு அழைத்து வந்தனர். முகம் வெளிறியிருந்தது, விளையாட்டில் ஆர்வமில்லை. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6 கிராம் எனத் தெரிந்தது. இவ்வயதில் அது ஏறத்தாழ 11 கிராமாவது இருத்தல் வேண்டும்.

என்ன உணவு தருகிறீர்கள் என்று கேட்டோம். தாய்ப்பாலும், நாளுக்கு நான்கு வேளை மிக்சியில் அரைத்து வடிகட்டிய அரிசிக் கஞ்சியும் என்றார் தாயார். ஏழாம் மாதத்தில் குழைந்த சாதம் ஊட்டியபோது குழந்தை ஓங்கரித்து முகம் சிவந்ததாம். பாட்டி அஞ்சிப்போய், "இனி கட்டியாக ஒன்றும் கொடுக்காதே" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் கஞ்சி மட்டுமே. அந்த அச்சம்தான் இரத்தசோகைக்கு வழியமைத்தது.

முதலில் ஓங்கரிப்பைப் பற்றி. ஆறு மாதக் குழந்தைக்கு நாவின் முன்பகுதியில் உணவு பட்டாலே ஓங்கரிப்பு வரும். வளர வளர அந்த இடம் நாவின் பின்புறம் நகர்கிறது. அப்போது குழந்தை இருமும், ஓசையெழுப்பும், முகம் சிவக்கும், நாவை நீட்டி உணவை வெளியே தள்ளும். இது தன்னைக் காத்துக்கொள்ளும் செயல். அருகிலிருந்து பொறுத்திருந்தால் போதும். மூச்சுக்குழாய் அடைபடுவது வேறு. அப்போது ஓசை இராது. குழந்தையால் அழவோ இருமவோ இயலாது; உதடுகள் நீலம் பாயும்.

அவ்வாறு நேர்ந்தால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையின்மீது குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கும்படி தாங்கிக்கொண்டு, தோள்பட்டைகளுக்கிடையே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். பயனில்லையெனில் மல்லாத்தி, மார்பெலும்பின் நடுவில், முலைக்காம்புகளை இணைக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே, இரு விரல்களால் ஐந்து முறை அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும்வரை இவ்விரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அதே வேளையில் மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது விரலை விட்டுத் துழாவக் கூடாது. அது பொருளை மேலும் உள்ளே தள்ளிவிடும்.

அடைப்பைத் தடுக்கும் வழி உணவைத் தண்ணீராக்குவதன்று. குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, படுக்கையிலோ ஓட்டத்திலோ ஊட்டாமல், முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, முறுக்கு ஆகியவற்றைத் தவிர்ப்பதே வழி.

இனி, உணவின் பதம். ஆறாம் மாதத்தில் கரண்டியைச் சாய்த்தாலும் உடனே வழிந்துவிடாத கெட்டிப் பதத்தில், நன்கு மசித்த உணவு இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவில், நாளுக்கு இரண்டு வேளை போதும். எட்டாம் மாதமளவில் மென்மையான கட்டிகளும், கையில் பிடித்துண்ணும் துண்டுகளும் வேண்டும். இரு விரல்களுக்கிடையே அழுத்தினால் நசுங்கும் காரட், இட்லி, வாழைப்பழம் ஆகியவை ஏற்றவை. ஓராண்டு நிறையும்போது, காரம் குறைத்த வீட்டுச் சமையலையே உண்ணலாம். ஒன்பது, பத்து மாதங்களுக்குப் பின்னும் அரைத்ததையே தந்தால், கட்டியான உணவை ஏற்க மறுக்கும் பழக்கம் ஏற்படக்கூடும்.

அடுத்தது இரும்புச்சத்து. கருவில் சேமித்த இரும்பு ஆறு மாதமளவில் குறைந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இரும்பு சிறிதளவே உண்டு. நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புகிறது. ஆனால் இரும்பையோ போதிய ஆற்றலையோ தருவதில்லை. எனவே தினமும் ஒரு வேளையாவது பருப்பு, முட்டை, நன்கு வேகவைத்து மசித்த இறைச்சி ஆகியவற்றுள் ஒன்று இருக்கட்டும். கோழி ஈரலைச் சிறிதளவு வாரம் ஒரு முறை தரலாம். சைவ உணவினர் பருப்பையும் கீரையையும் மசித்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்பு நன்கு உட்கொள்ளப்படும். தேநீர் கொடுப்பது அதற்கு நேர்மாறானது. ஓராண்டுக்கு முன் பசும்பாலை முதன்மைப் பானமாகத் தர வேண்டாம்.

அக்குழந்தைக்கு, எடைக்கேற்ற இரும்புச் சொட்டு மருந்தை எழுதித் தந்தோம். அதனால் மலம் கருமையாவது இயல்பே என்றும் சொன்னோம். முதல் வாரம் கஞ்சியை வடிகட்டாமல் கெட்டியாக்கினர். அடுத்து பருப்புச் சாதத்தைக் கையால் மசித்தனர். மூன்றாம் வாரம் சிறு கட்டிகளை விட்டுவைத்தனர். இடையில் இருமுறை ஓங்கரித்தது, பாட்டி பதறவில்லை. ஆறாம் வாரம் இட்லித் துண்டைத் தானே எடுத்துத் தின்றது. மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.2 ஆயிற்று.

உங்கள் குழந்தை எட்டு மாதத்தைக் கடந்தும் நீர்த்த கஞ்சியையே அருந்துகிறதெனில், அல்லது வெளிறியும் சோர்ந்தும் காணப்படுகிறதெனில், அடுத்த தடுப்பூசி நாள்வரை காத்திராமல் அழைத்து வாருங்கள். பரிசோதனையின்றி இரும்பு மருந்தின் அளவை நீங்களே தீர்மானிக்க வேண்டாம்.